நீள்வட்டத்துக்கு மிகக் குறைந்த தூரம்: நியூட்டன் ஏன் பெருமத்தில் போய் நின்றது?

கேள்வி: x = 5 cos t, y = 3 sin t என்ற நீள்வட்டத்துக்கும் (1, 1) என்ற புள்ளிக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் வேண்டும். தூரத்தின் வர்க்கத்தை வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி, t = 0-ல் ஆரம்பித்து நியூட்டன் முறை போட்டேன். மூன்று நான்கு சுற்றிலேயே குவிந்துவிட்டது, தூரம் 4.222 என்று வருகிறது. படம் வரைந்து பார்த்தால் 2-க்கும் குறைவாகத் தெரிகிறதே, எங்கே தப்பு?

பதில்:

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. நியூட்டன் முறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வகைக்கெழு எங்கே பூஜ்ஜியம் என்று கேட்டீர்கள், அது ஒரு இடத்தைக் காட்டியது. அந்த இடம் சிறுமம் இல்லை, பெருமம். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று உங்கள் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

தூரத்தின் வர்க்கத்தை D என்போம்:

```
D(t) = (5 cos t − 1)² + (3 sin t − 1)²
```

தூரத்தை விட்டுவிட்டு வர்க்கத்தை எடுத்தது நல்ல முடிவு. இரண்டுக்கும் சிறுமம் ஒரே t-யில்தான் வரும். அதோடு, புள்ளி வளைவரையின் மேலேயே இருந்தால் தூரத்தின் வரைபடம் அங்கே V மாதிரி மடங்கும், வகையிட முடியாது. வர்க்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

D-யின் வகைக்கெழுவில் பாதியை g என்று வைத்துச் சுருக்கினால் இவ்வளவுதான் மிஞ்சும்:

```
g(t)  = 5 sin t − 3 cos t − 8 sin 2t
g'(t) = 5 cos t + 3 sin t − 16 cos 2t
```

t = 0-ல் g = −3. அதாவது t கூடக் கூட D குறைகிறது, நாம் t-யைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் g' = 5 − 16 = −11. நியூட்டன் முறை g-யை g'-ஆல் வகுத்துக் கழிக்கும், அதனால் புதிய t = 0 − (−3)/(−11) = −0.2727. போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசை! அடுத்த சுற்றில் −0.28156, அதற்கடுத்து −0.28161, அங்கேயே நின்றுவிடும். அந்த t-யில் தூரம் 4.222. உங்களுக்கு வந்தது இதுதான்.

g' எதிர்மறையாக இருக்கும் இடத்தில் D-யின் வரைபடம் கவிழ்த்த கிண்ணம். நியூட்டன் முறைக்கு மேடு, பள்ளம் என்ற பேதம் தெரியாது. நிற்கும் இடத்தில் ஒரு பரவளையத்தைப் பொருத்தி அதன் உச்சிக்குத் தாவும், அவ்வளவுதான். பரவளையம் கவிழ்ந்திருந்தால் உச்சி மேட்டில்தான் இருக்கும்.

இந்தப் புள்ளிக்கு g(t) = 0 மொத்தம் நான்கு இடங்களில் வருகிறது. நான்கையும் போட்டுப் பார்த்தேன்:

```
t = −0.2816   தூரம் 4.222   பெருமம்
t =  1.3060   தூரம் 1.920   சிறுமம்
t =  3.2846   தூரம் 6.118   பெருமம்
t =  5.1158   தூரம் 3.881   சிறுமம்
```

விடை இரண்டாவது வரி. தொடும் இடம் (1.308, 2.895), தூரம் 1.920. படத்தில் 2-க்குக் குறைவாகத் தெரிந்தது சரியே.

இந்த நான்கில் எது சிறுமம், எது பெருமம் என்பதை g'-இன் குறியை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வடிவியல் இருக்கிறது. அது தெரிந்தால், எந்த வளைவரையில் எங்கே சிக்கல் வரும் என்று கணக்குப் போடும் முன்பே ஊகிக்கலாம்.

g(t) = 0 என்பதன் பொருள், புள்ளியிலிருந்து வளைவரைக்குப் போகும் கோடு அங்குள்ள தொடுகோட்டுக்குச் செங்குத்து. நாலு இடத்திலும் அது உண்மை. செங்குத்தாக இருந்தால் மிகக் குறைந்த தூரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நேர்கோட்டுக்கு மட்டும்தான் செல்லும். வளைவரைக்கு அது பாதி உண்மை.

உங்கள் புள்ளியை மையமாக வைத்து, அந்தச் செங்குத்து அடியைத் தொடும்படி காம்பஸால் ஒரு வட்டம் போடுங்கள். வட்டமும் நீள்வட்டமும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். வட்டம் அதிகமாக வளைந்து நீள்வட்டம் கொஞ்சமாக வளைந்தால், அக்கம்பக்கத்தில் நீள்வட்டம் வட்டத்துக்கு வெளியே விலகிப்போகும். அப்போது அந்த அடி சிறுமம். மாறாக, நீள்வட்டம் வட்டத்தைவிட இறுக்கமாக வளைந்தால் அது வட்டத்துக்கு உள்ளே புகுந்துவிடும், அதாவது பக்கத்தில் இன்னும் கிட்டத்தில் புள்ளிகள் இருக்கின்றன. அப்போது அது பெருமம். ஆக, ஒப்பிட வேண்டியது இரண்டே எண்கள்: தூரம், அந்த இடத்தின் வளைவு ஆரம். நீள்வட்டத்துக்கு வளைவு ஆரம்

```
ρ = (25 sin²t + 9 cos²t)^(3/2) / 15
```

t = −0.2816-ல் ρ = 2.18, தூரம் 4.22. தூரம் பெரிது, எனவே பெருமம். t = 1.306-ல் ρ = 7.79, தூரம் 1.92. தூரம் சிறிது, எனவே சிறுமம். மற்ற இரண்டையும் நீங்களே சரிபார்க்கலாம். ரொட்டிபோல நீண்ட நீள்வட்டத்தின் கூரான முனைகளில் ρ சிறிதாக இருக்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் பெரும்பாலான புள்ளிகளுக்கு அந்த முனைப் பக்கம் பெருமமாகிவிடுகிறது. நீங்கள் ஆரம்பித்த t = 0 சரியாக அந்த முனையேதான்!

ஒரு சின்ன எச்சரிக்கை. t = 0-க்குப் பதில் புள்ளியின் கோணத்தையே ஆரம்பமாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். (1, 1)-க்கு அது 45 பாகை, 0.785. ஆனால் நீள்வட்டத்தில் t என்பது மையக் கோணம் இல்லை. விடையான (1.308, 2.895) என்ற புள்ளியின் கோணம் ஏறக்குறைய 65.7 பாகை, அதன் t-யைப் பாகையில் எழுதினால் 74.8. 0.785-ல் ஆரம்பித்தால் நியூட்டன் 1.950, 1.054, 1.356 என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடி, அப்புறம்தான் 1.306-க்கு வருகிறது. வந்ததே என்று நிம்மதி அடையலாம், ஆனால் அப்படி ஊசலாடுவது நல்ல அறிகுறி இல்லை. புள்ளி கொஞ்சம் மாறினால் வேறு எங்காவது தாவியிருக்கும்.

பெருமத்துக்குப் போகாமல் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. g'-ஐ விரித்து எழுதினால் அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று வேகத்தின் வர்க்கம், அதாவது 25 sin²t + 9 cos²t. இது எப்போதும் நேர்மறை. இன்னொன்று வளைவரையின் இரண்டாம் வகைக்கெழு வரும் பகுதி. குறியை மாற்றுவது இந்த இரண்டாவதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேகத்தின் வர்க்கத்தால் மட்டும் g-யை வகுத்தால் என்ன? படத்தில் பார்த்தால் இது, புள்ளியைத் தொடுகோட்டின் மேல் செங்குத்தாக இறக்கி, அவ்வளவு தூரத்துக்கு t-யை நகர்த்துவது. கௌஸ்-நியூட்டன் என்று இதைச் சொல்வார்கள்.

t = 0-லிருந்தே மறுபடி ஆரம்பிப்போம். வேகத்தின் வர்க்கம் 9, g = −3, எனவே புதிய t = 3/9 = 0.333. திசை சரியாகிவிட்டது. அடுத்தடுத்து 0.907, 1.207, 1.282, 1.300 என்று ஒரே பக்கமாக ஏறி 1.306-ஐ நெருங்குகிறது. கடைசிச் சுற்றுகளைக் கவனித்தால் பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ கால் பங்காகக் குறைகிறது. இந்தக் கால் பங்கு எங்கிருந்து வந்தது? தூரத்தை வளைவு ஆரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.92 / 7.79 = 0.246. மேலே பெருமம், சிறுமம் என்று பிரித்த அதே விகிதம்தான் இங்கே குவியும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. புள்ளி வளைவரைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் மின்னல் வேகம், வளைவு மையத்தை நெருங்க நெருங்க ஆமை வேகம். புள்ளி நீள்வட்டத்துக்கு வெளியே இருந்தால் இந்த விகிதம் 1-ஐத் தாண்டலாம். அப்போது இந்த முறை குவியாமல் மாறி மாறித் துள்ளும். அங்கே g' எப்படியும் நேர்மறையாகத்தான் இருக்கும், எனவே அசல் நியூட்டனுக்கு மாறிக்கொள்ளுங்கள். விதி இதுதான்: g' நேர்மறையாக இருந்தால் நியூட்டன், இல்லாவிட்டால் வேகத்தின் வர்க்கம். இரண்டிலும் D குறையாவிட்டால் t-யை நகர்த்தும் அளவைப் பாதியாக்குங்கள்.

சரி, இப்போது பெருமத்தில் போய் மாட்டுவது நின்றது. ஆனாலும் உங்களுக்கு இன்னொரு தலைவலி மிச்சம் இருக்கிறது. மேலே இருக்கும் நான்கு வரிகளில் இரண்டு சிறுமங்கள். தூரம் 3.881 என்பதும் நேர்மையான சிறுமம்தான், g' நேர்மறை, செங்குத்து, எல்லாம் சரி. ஆனால் விடை இல்லை. இதை g'-இன் குறியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதில் நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். ஒரு சின்ன பட்டறைக்காக, அளவுக் கருவியின் முனை நகர நகர, செய்த பாகத்தின் விளிம்பு வரைபடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் நிரல் எழுதினேன். முந்தைய புள்ளிக்குக் கிடைத்த t-யையே அடுத்த புள்ளிக்கு ஆரம்பமாகக் கொடுத்தேன். இரண்டே சுற்றில் குவிந்தது, எனக்குப் பெருமை. ஆனால் முனை நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போனதும் தூரம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. காரணம் இதே நீள்வட்டத்தில் தெரியும். (1, 1)-லிருந்து (1, −1)-க்கு மெதுவாக இறங்குங்கள். ஆரம்பத்தில் அடி மேல்பக்கம், t = 1.306. கீழே இறங்கியபிறகும் மேல்பக்கச் சிறுமம் மறையவில்லை, கொஞ்சம் நகர்ந்து t = 1.167-ல் இருக்கிறது. நிரல் அதையே விடாமல் பிடித்துக்கொண்டு 3.881 என்று சொல்லும். சமச்சீரால் உண்மையான தூரம் அதே 1.920, கீழ்ப்பக்கத்தில். பாதையில் எந்த இடத்திலும் பிழைச் செய்தி வராது, குவிதலும் கெடாது. தூரம் மட்டும் இரண்டு மடங்கு!

எப்போது இரண்டு சிறுமம் இருக்கும், எப்போது ஒன்றுதான் என்பதற்கு நீள்வட்டத்தில் தெளிவான எல்லைக்கோடு உண்டு. ஒவ்வொரு இடத்தின் வளைவு மையத்தையும் குறித்துக்கொண்டே போனால், நான்கு முனை கொண்ட, உள்நோக்கிக் குழிந்த நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு கிடைக்கும். எவல்யூட் என்பார்கள். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1673-ல் ஊசல் கடிகாரத்தைப் பற்றி எழுதியபோது ஆராய்ந்த கோடு இது. நம் நீள்வட்டத்துக்கு அதன் சமன்பாடு

```
(5x)^(2/3) + (3y)^(2/3) = 16^(2/3) ≈ 6.35
```

(x, y எதிர்மறையானால் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) (1, 1)-ஐப் போட்டால் இடப்பக்கம் 2.92 + 2.08 = 5.00. 6.35-ஐவிடக் குறைவு, நட்சத்திரத்துக்கு உள்ளே, எனவே நான்கு மூலங்கள், இரண்டு சிறுமங்கள். (2, 1)-ஐப் போட்டால் 4.64 + 2.08 = 6.72. வெளியே, எனவே ஒரே சிறுமம், எங்கிருந்து கீழே இறங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். பொதுவான வளைவரைக்கு இவ்வளவு அழகான எல்லை கையில் இருக்காது. கருத்து மட்டும் அதேதான்.

ஆகவே எந்தப் பள்ளத்தில் இறங்குவது என்று முடிவு செய்யும் வேலையை நியூட்டனிடம் விடக்கூடாது. முதலில் t-யின் வீச்சு முழுவதையும் ஒரு சீப்பு மாதிரி வாரிவிடுங்கள். g குறைமதிப்பிலிருந்து மிகைமதிப்புக்கு மாறும் இடம் ஒவ்வொன்றும் ஒரு சிறுமம். மிகையிலிருந்து குறைக்கு மாறினால் பெருமம், அதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு சிறுமத்தையும் இரு பக்கமும் வளைத்துப் பிடித்துத் துல்லியமாக்கி, கடைசியில் தூரங்களை ஒப்பிடுங்கள்.

```python
import numpy as np
from scipy.optimize import brentq

a, b = 5.0, 3.0

def nearest(px, py, n=64):
    g = lambda t: (-a*np.sin(t)*(a*np.cos(t) - px)
                   + b*np.cos(t)*(b*np.sin(t) - py))
    d = lambda t: np.hypot(a*np.cos(t) - px, b*np.sin(t) - py)
    t = np.linspace(0, 2*np.pi, n + 1)
    v = g(t)
    c = [brentq(g, t[i], t[i+1]) for i in range(n)
         if v[i] <= 0 < v[i+1]]
    return min((d(s), s) for s in c)
```

`nearest(1, 1)` என்று கூப்பிட்டால் தூரம் 1.92039, t = 1.30605 என்று வரும். வழியில் 5.11576-ஐயும் கண்டுபிடித்து, 3.88052 பெரிது என்று ஒதுக்கிவிடும். `brentq` வேரை எப்போதும் இரண்டு எல்லைக்குள் அடைத்தே வைத்திருக்கும், நியூட்டன் மாதிரி வெளியே தாவாது.

n = 64 போதும் என்று எப்படிச் சொல்கிறேன்? நீள்வட்டத்துக்கு g-யில் sin t, cos t, sin 2t மட்டுமே வருகின்றன, ஒரு சுற்றில் நாலு வேருக்கு மேல் இருக்கவே முடியாது. எனவே 64 தாராளம். முப்படி பெசியே வளைவரை என்றால் D ஆறாம் படி, வகைக்கெழு ஐந்தாம் படி, அதிகபட்சம் மூன்று சிறுமம். ஆனால் கன்னாபின்னாவென்று நெளியும் வளைவரைக்கு இப்படி எண்ணிச் சொல்ல முடியாது. அங்கே உதவுவது ஒரு எளிய உண்மை: t-யை Δ அளவு நகர்த்தினால் வளைவரையில் நாம் நகரும் தூரம் அதிகபட்சம் LΔ, இதில் L என்பது உச்ச வேகம். தூரமும் அதற்குமேல் மாற முடியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்து இரண்டு மாதிரிகளில் தூரம் d1, d2 என்றால், இடையில் எங்கும் தூரம்

```
(d1 + d2 − LΔ) / 2
```

என்பதைவிடக் குறையாது. நம் நீள்வட்டத்தில் L = 5. 32 மாதிரி எடுத்தால் Δ = 0.196, எனவே LΔ/2 = 0.49. கீழ்ப்பக்கப் பள்ளத்தில் மாதிரித் தூரம் எல்லாமே 3.88-க்குக் குறையாது, அங்கே எவ்வளவு தோண்டினாலும் 3.39-க்குக் கீழே கிடைக்காது. மேலே ஏற்கெனவே 2-க்குக் குறைவாக ஒன்று கையில் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தைத் தொடாமலே தள்ளிவிடலாம், அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி. தள்ள முடியாத துண்டுகளை மட்டும் இரண்டாக வெட்டி இதையே திரும்பச் செய்தால் எந்த வளைவரைக்கும் உத்தரவாதத்தோடு விடை கிடைக்கும். உச்ச வேகத்துக்கு ஒரு மேல் எல்லை தெரிந்தால் போதும், சரியான மதிப்பு வேண்டியதில்லை.

g-யின் வேரைத் தேடாமல் D-யையே நேரடியாகச் சிறுமமாக்கும் `minimize_scalar` போன்றவற்றைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். பயன்படுத்தலாம், ஆனால் t-யில் எட்டு இலக்கத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நம் சிறுமத்துக்குப் பக்கத்தில் D ஏறக்குறைய 3.688 + 18δ². δ என்பது t-யில் உள்ள பிழை. δ = 10⁻⁹ என்றால் D-யில் மாற்றம் 18 × 10⁻¹⁸. 3.688 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கணினி பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளியே 4.4 × 10⁻¹⁶. பள்ளத்தின் அடித்தளம் கணினிக்குத் தட்டையாகத் தெரியும், எது நடு என்று அதற்குப் புரியாது. g அப்படி இல்லை, வேரைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும், அதனால் t-யில் பதினைந்து இலக்கம்வரை கிடைக்கும். பொறுதியை 1e-12 என்று வைத்துவிட்டு `minimize_scalar` ஏன் சொன்னபடி துல்லியம் தரவில்லை என்று திணறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தூரம் மட்டும்தான் வேண்டும் என்றால் கவலையே வேண்டாம். t எட்டு இலக்கம் சரியாக இருந்தாலே தூரம் முழுத் துல்லியத்தோடு வந்துவிடும்.

இதே தட்டை இன்னும் மோசமாகும் இடம் ஒன்று உண்டு. நெட்டச்சின் மேல் (p, 0) என்ற புள்ளியை எடுங்கள். cos t-ஐ c என்று எழுதினால்

```
D = 16c² − 10pc + p² + 9
```

இது c-யில் சாதாரண இருபடி, சிறுமம் c = 5p/16-ல். p = 1 என்றால் c = 0.3125, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு அடிகள், இரண்டுக்கும் தூரம் 2.905. வலது முனை (5, 0) தூரம் 4, அது விடை இல்லை. பலரும் பார்த்த மாத்திரத்தில் முனையைத்தான் சொல்வார்கள். p = 3.2-ஐத் தொடும்போது c = 1 ஆகி, இரண்டு அடிகளும் முனையில் வந்து ஒன்றாகிவிடும். 3.2 என்பது நட்சத்திரத்தின் கூர்முனை. அங்கே வளைவு ஆரம் 9/5 = 1.8, தூரமும் 5 − 3.2 = 1.8. அந்த இடத்தில் D ஏறக்குறைய 3.24 + 4t⁴. இருபடிப் பள்ளம் போய் நாற்படிப் பள்ளம், t-யில் நாலு இலக்கம் கிடைத்தாலே பெரிது. நியூட்டனும் தன் வேகத்தை இழந்து, ஒவ்வொரு சுற்றிலும் பிழையை மூன்றில் இரண்டு பங்காக மட்டுமே குறைக்கும். உங்கள் நிரல் திடீரென்று இருபது முப்பது சுற்று எடுத்தால், புள்ளி வளைவு மையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேலே கொடுத்த நிரலும் இங்கே கொஞ்சம் தடுமாறும். (3.19, 0)-க்கு உண்மையான அடிகள் t = ±0.079, தூரம் 1.80996. நடுவில் t = 0 என்பது பெருமம், ஆனால் தூரம் 1.81. மூன்று வேர்களும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் 64 பற்கள் உள்ள சீப்பு அவற்றைப் பிரிக்காது, t = 0-ஐயும் சிறுமம் என்று எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் 0.00004. உங்களுக்கு வேண்டியது தூரம் என்றால் விட்டுவிடலாம். அடி எங்கே என்பதுதான் வேண்டுமென்றால், கிடைத்த t-யில் g' நேர்மறையா என்று ஒரு தடவை சோதித்து, இல்லாவிட்டால் அந்தத் துண்டில் மட்டும் சீப்பை நெருக்குங்கள்.

கடைசியாக ஒன்று. முழு நீள்வட்டம் இல்லாமல் அதன் ஒரு வில் மட்டும் இருந்தால், g = 0-ஐ மட்டும் நம்பியிருந்தால் விடையே கிடைக்காமல் போகலாம். அதே (1, 1)-க்கு t = 2 முதல் 3 வரை உள்ள வில்லை எடுங்கள். அந்த வீச்சு முழுக்க g நேர்மறை, வேரே இல்லை. மேலே உள்ள நிரலில் t-யின் வீச்சை 2 முதல் 3 வரை என்று மாற்றி ஓட்டினால், அது வெற்றுப் பட்டியலில் `min` எடுக்கப் போய் `ValueError` கொடுத்து நிற்கும். D ஏறிக்கொண்டே போவதால் விடை தொடக்க முனையான t = 2, தூரம் 3.53. அங்கே கோடு தொடுகோட்டுக்குச் செங்குத்தாகவும் இருக்காது. வில்லுக்கு எழுதும்போது t-யின் இரண்டு முனைகளையும் `c` பட்டியலில் முதலிலேயே போட்டுவிடுங்கள்.